ஒரு கிலோ தண்ணீரின் வரவுசெலவு

தூத்துக்குடி அனல்மின் நிலையம் துறைமுகத்தை ஒட்டிக் கடலோரமாகக் கட்டப்பட்டது. நிலக்கரி கப்பலில் வந்து இறங்க வசதி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கடல்தண்ணீர். அங்கே உள்ள 210 மெகாவாட் அலகு ஒன்று முழுச் சுமையில் ஓடும்போது மணிக்கு 25,000 கன மீட்டருக்கு மேல் கடல்நீரை உள்ளே இழுத்து, சுமார் 9 டிகிரி சூடாக்கி, மறுபடி கடலிலேயே விட்டுவிடுகிறது. அந்தத் தண்ணீர் சுமந்து போகும் வெப்பத்தைக் கணக்கிட்டால் 260 மெகாவாட்டைத் தாண்டும். அதாவது கம்பியில் போகும் மின்சாரத்தைவிடக் கடலில் போகும் வெப்பம் அதிகம்.

இதைக் கேட்ட யாருக்கும் முதலில் தோன்றுவது ஒரே கேள்விதான். காசு கொடுத்து வாங்கிய நிலக்கரியை எரித்து, அதில் கிடைத்த வெப்பத்தில் ஏறக்குறைய பாதியை எதற்குக் கடலில் கொட்ட வேண்டும்? டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வருவதும் ஆவிதானே? அதைத் தண்ணீராக்காமல் அப்படியே பாய்லருக்குத் திருப்பி அனுப்பினால் என்ன?

பொறியியல் மாணவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ராங்கின் சுழற்சியை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடுகிறார்கள். நான்கு பெட்டிகளை வரைந்து, நடுவில் அம்புக்குறி போட்டு, பாய்லர், டர்பைன், கண்டென்சர், பம்ப் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் கண்டென்சர் ஏன் இருக்கிறது என்பது புரிந்தால்தான் மற்ற மூன்றும் புரியும். அதற்கு ஒரு கிலோ தண்ணீரை எடுத்துக்கொண்டு, அது ஒரு சுற்று சுற்றி வரும்போது எங்கே எவ்வளவு வாங்குகிறது, எங்கே எவ்வளவு கொடுக்கிறது என்று கணக்கு எழுதிப் பார்ப்பதுதான் நல்ல வழி.

கணக்குக்கு வேண்டிய நிபந்தனைகளை இப்படி வைத்துக்கொள்வோம். பாய்லரில் அழுத்தம் 150 பார். காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 150 மடங்கு. ஆவியின் வெப்பநிலை 540 டிகிரி செல்சியஸ். கண்டென்சரில் அழுத்தம் 0.1 பார், காற்று மண்டலத்தில் பத்தில் ஒரு பங்கு. 210 மெகாவாட் அலகுகள் பல ஏறத்தாழ இந்த எல்லைக்குள்தான் ஓடுகின்றன. முதல் பார்வைக்கு உராய்வு, கசிவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவை தம் பங்கைக் கேட்டுப் பின்னால் வரும்.

நம்முடைய ஒரு கிலோ தண்ணீர் கண்டென்சரின் அடித்தொட்டியில் கிடக்கிறது. ஆலையில் அந்தத் தொட்டிக்கு ஹாட்வெல் என்று பெயர். தண்ணீரின் வெப்பநிலை 46 டிகிரி. பூஜ்ய டிகிரித் தண்ணீரிலிருந்து எண்ணத் தொடங்கினால், இதன் கையிருப்பு 192 கிலோஜூல். பம்ப் இதை 0.1 பாரிலிருந்து 150 பாருக்கு ஏற்றுகிறது. கேட்கப் பெரிய வேலையாகத் தெரியும். ஆனால் அதற்குச் செலவு 15 கிலோஜூல் மட்டுமே. கையிருப்பு 207.

அடுத்தது பாய்லர். இங்கேதான் வரவு முழுவதும். உள்ளே போகும்போது 207 ஆக இருந்தது, வெளியே வரும்போது 3423 ஆகிறது. வாங்கிய வெப்பம் 3216 கிலோஜூல். இதை அது ஒரே மூச்சில் வாங்குவதில்லை; மூன்று தவணையில் வாங்குகிறது. முதல் தவணையில் தண்ணீர் தண்ணீராகவே இருந்துகொண்டு சூடாகிறது. 150 பார் அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 342 டிகிரி வரை பொறுத்துக்கொண்டிருக்கும். அதுவரை சூடேற்றவே 1403 கிலோஜூல் போய்விடுகிறது. இரண்டாவது தவணை கொதிப்பது. உலையின் நான்கு சுவர்களையும் மூடி நிற்கும் குழாய்களுக்குள் இது நடக்கிறது. தண்ணீரும் ஆவியும் கலந்து மேலே ஏறி டிரம்முக்கு வர, அங்கே ஆவி பிரிந்து மேலே போகிறது, தண்ணீர் மறுபடி கீழே இறங்குகிறது. இதற்கு 1000 கிலோஜூல். மூன்றாவது, சூப்பர்ஹீட்டர். ஈரம் இல்லாத ஆவியை 342-லிருந்து 540 டிகிரிக்கு ஏற்ற 813 கிலோஜூல். முதல் தவணைதான் மூன்றிலும் பெரியது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செயல்திறன் பேச்சு வரும்போது அதுதான் குற்றவாளியாக வந்து நிற்கும்.

ஏன் 540 டிகிரியோடு நிறுத்த வேண்டும்? உலைக்குள் தீயின் வெப்பநிலை ஆயிரம் டிகிரியை எளிதாகத் தாண்டுகிறதே? தடை ஆவியில் இல்லை, எஃகில் இருக்கிறது. அந்தச் சூட்டில், அந்த அழுத்தத்தில், குழாயின் எஃகு உடனே உடையாது. ஆண்டுக்கணக்கில், மயிரிழை மயிரிழையாக, நீண்டு பருத்துக்கொண்டே போகும். வெப்பநிலையைப் பத்து டிகிரி கூட்டினாலும் குழாயின் ஆயுள் கணிசமாகக் குறைந்துவிடும். 540 என்பது சாதாரண கலப்பு எஃகும் பொறியாளரும் செய்துகொண்ட உடன்படிக்கை.

இனி டர்பைன். ஆவி 3423-ஓடு உள்ளே போய் 2055-ஓடு வெளியே வருகிறது. இடையில் தண்டில் கொடுத்துவிட்டுப் போன வேலை 1368 கிலோஜூல். இந்த 1368-ஐ ஒரே துளை வழியாக, ஒரே பாய்ச்சலில் விடுவித்தால் ஆவியின் வேகம் விநாடிக்கு 1,650 மீட்டர் ஆகும். காற்றில் ஒலி போகும் வேகத்தைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதை முழுமையாகப் பிடிக்க வேண்டுமென்றால் சக்கரத்தின் விளிம்பு அதில் பாதி வேகத்திலாவது ஓட வேண்டும். எந்தச் சக்கரமும் அந்த வேகத்தில் சிதறிவிடும். சார்ல்ஸ் பார்சன்ஸ் 1884-இல் கண்ட வழி, அழுத்தத்தை ஒரேயடியாக இறக்காமல் படிப்படியாக இறக்குவது. ஒவ்வொரு படியிலும் ஒரு வரிசை நிலையான இலைகள், ஒரு வரிசை சுழலும் இலைகள். ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள, தண்டு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அமைதியாகச் சுற்றுகிறது. நம்முடைய மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது இந்த 3,000-இலிருந்துதான் வருகிறது.

டர்பைனின் மூடியைத் திறந்து வைத்திருக்கும் பராமரிப்பு நாளில் அதைப் பார்ப்பவர்கள் வியப்பது ஒன்று உண்டு. ஆவி நுழையும் பக்கத்தில் இலைகள் விரல் நீளம். வெளியேறும் பக்கத்தில் கை நீளம். காரணம், ஆவி விரிகிறது. உள்ளே நுழையும்போது நம் ஒரு கிலோ ஆவி 22 லிட்டர் இடத்தில் அடங்கும். வெளியே வரும்போது அதற்கு 11,000 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். ஐந்நூறு மடங்கு விரிவு. அந்தக் கடைசி இலைகள் அவ்வளவு நீளமாக இருந்தாக வேண்டும்.

இப்போது கண்டென்சர். 2055 கையிருப்போடு வந்த ஆவி 192-க்கு இறங்கித் தண்ணீராகிறது. நடுவில் 1863 கிலோஜூலைக் கடல்நீரிடம் கொடுத்துவிடுகிறது. நாம் டர்பைனில் வாங்கிய 1368-ஐவிட இது பெரிய தொகை. முதலில் கேட்ட கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது: இதைக் கொடுக்காமல் இருந்தால் என்ன?

சரி, கொடுக்காமல் இருந்து பார்ப்போம். ஆவியை அப்படியே 150 பாருக்குத் திரும்ப அழுத்துகிறோம். அதற்கு எவ்வளவு வேலை வேண்டும்? விரியும்போது 1368 கிலோஜூல் கொடுத்த ஆவியை, அதே வழியில் திரும்ப அழுத்த அதே 1368 வேண்டும். உராய்வே இல்லாத உலகத்தில்கூடக் கையில் மிஞ்சுவது பூஜ்யம். நிஜ உலகத்தில் நஷ்டம். 11,000 லிட்டர் ஆவியாக இருப்பதை அழுத்த 1368. அதையே ஒரு லிட்டர் தண்ணீராக்கிவிட்டு அழுத்த 15. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் அனல்மின் நிலையம் பிழைக்கிறது. ஒரு பொருளை அழுத்தத் தேவைப்படும் வேலை, அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைப் பொறுத்தது. இடத்தைச் சுருக்கிக்கொள்ளக் கொடுக்கும் விலைதான் கடலில் போகும் 1863 கிலோஜூல். விமானங்களிலும் வாயு மின்நிலையங்களிலும் உள்ள கேஸ் டர்பைன் இந்த விலையைக் கொடுப்பதில்லை. அதனால் அங்கே டர்பைன் உண்டாக்கும் வேலையில் பாதியளவு காற்றை அழுத்தவே திரும்பப் போய்விடுகிறது. ஆவி ஆலையில் பம்ப் கேட்பது டர்பைன் கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்குதான்.

கண்டென்சர் செய்யும் இரண்டாவது காரியம் இதைவிடச் சுவையானது. ஆவி தண்ணீராகச் சுருங்கும்போது அங்கே வெற்றிடம் உண்டாகிறது. அதை உண்டாக்க எந்தப் பம்பும் தேவையில்லை. உள்ளே கசிந்து வரும் காற்றை வெளியேற்ற மட்டும் ஒரு சிறு கருவி போதும். டர்பைனின் வாய்ப்புறத்தில் 150 பார் தள்ளுகிறது, பின்புறத்தில் வெற்றிடம் இழுக்கிறது. ஆவியைக் கண்டென்சருக்கு விடாமல் வெளிக்காற்றில் விட்டால் டர்பைனில் கிடைக்கும் வேலை 1072 கிலோஜூல். வெற்றிடத்துக்குள் விடுவதால் கிடைப்பது 1368. காற்று மண்டல அழுத்தத்துக்குக் கீழே இருக்கும், கண்ணுக்கே படாத அந்தக் கடைசித் துண்டிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோஜூல் கூடுதலாக வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் நீலகிரி நீராவி இன்ஜின் ஆவியைப் புகைபோக்கி வழியாக வெளியே விட்டுவிடுகிறது. அதனால்தான் வழியில் நின்று நின்று தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. அந்த வகை இன்ஜின்களின் செயல்திறன் 10 சதவீதத்தைத் தொடுவதே அரிது. பார்க்க அழகு, கணக்குக்கு ஆகாது.

கண்டென்சரைத் தனி உறுப்பாகப் பிரித்தவர் ஜேம்ஸ் வாட். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செப்பனிடும் வேலையில் இருந்தபோது, நியூகோமன் இன்ஜினின் மாதிரி ஒன்று அவரிடம் பழுதுபார்க்க வந்தது. அந்த இன்ஜினில் ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைத் தெளித்து ஆவியைத் தண்ணீராக்குவார்கள். அடுத்த அடிக்கு வரும் ஆவி, குளிர்ந்துபோன சிலிண்டரைச் சூடாக்குவதிலேயே பெரும்பகுதி வீணாகும். சூடான இடம் எப்போதும் சூடாகவே இருக்கட்டும், குளிர்ந்த இடம் தனியாக, எப்போதும் குளிர்ந்தே இருக்கட்டும் என்று 1765-இல் அவருக்குத் தோன்றியது. 1769-இல் காப்புரிமை பெற்றார். அதே பல்கலைக்கழகத்தில் பின்னாளில் பேராசிரியராக வந்தவர்தான் வில்லியம் ராங்கின். நீராவி இன்ஜின் பற்றி அவர் எழுதிய கைநூல் 1859-இல் வெளிவந்தது. இந்தச் சுழற்சிக்கு இன்றுவரை அவர் பெயர்தான்.

கணக்கை முடிப்போம். டர்பைன் கொடுத்தது 1368, பம்ப் எடுத்தது 15, மிச்சம் 1353. பாய்லரில் வாங்கியது 3216. செயல்திறன் 42 சதவீதம். கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1824-இலேயே, வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதை இரண்டு வெப்பநிலைகளே தீர்மானிக்கின்றன என்று காட்டிவிட்டார்: வெப்பம் உள்ளே வரும் வெப்பநிலை, வெளியே போகும் வெப்பநிலை. நம் ஆலையில் மேலே 540, கீழே 46. இந்த இரண்டுக்கும் கார்னோ அனுமதிக்கும் எல்லை 61 சதவீதம். அப்படியென்றால், உராய்வே இல்லாத நம் கற்பனை ஆலையில் பாக்கி 19 எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. வெப்பம் முழுவதும் 540 டிகிரியில் உள்ளே வருவதாக நாம்தான் தவறாக நினைத்துக்கொண்டோம். முதல் தவணையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 3216-இல் 1403 கிலோஜூல் நுழைந்தது 47 டிகிரிக்கும் 342 டிகிரிக்கும் நடுவில். அடுத்த 1000 நுழைந்தது 342-இல். 540-ஐத் தொட்டது கடைசித் துளி மட்டுமே. மொத்த வெப்பமும் சராசரியாக எந்த வெப்பநிலையில் உள்ளே வந்தது என்று கணக்கிட்டால் 278 டிகிரிதான் வருகிறது. மேலே 278, கீழே 46 என்று வைத்துக் கார்னோவைக் கேட்டால் அவர் சொல்லும் பதில் 42 சதவீதம். அச்சாக நாம் கண்ட எண்ணே அது.

ஆவி ஆலையின் செயல்திறனை உயர்த்த நூறு ஆண்டுகளாகச் செய்த வேலைகள் எல்லாம் இந்த 278-ஐ மேலே தள்ளுவதும் 46-ஐக் கீழே தள்ளுவதும்தான். பாடப்புத்தகத்தில் தனித்தனித் தலைப்புகளாக வரும் மறுசூடாக்கல், ஊட்டுநீர் சூடாக்கல், மிகைஅழுத்த பாய்லர் எல்லாம் இந்த ஒரே வழியின் கிளைகள்.

மறுசூடாக்கல் முதலில் வேறொரு தொல்லைக்கு மருந்தாகவும் தேவைப்பட்டது. நம் கணக்கில் டர்பைனை விட்டு வெளியே வந்த ஆவியில் 22 சதவீதம் நீர்த்துளி. விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஓடும் இலையின் முனையில் நீர்த்துளி மோதுவது சிறு உளியால் கொத்துவதற்குச் சமம். சில ஆண்டுகளில் இலையின் முன்விளிம்பு அரிக்கப்பட்டு ரம்பப் பல்லாகிவிடும். அதனால் ஆவியைப் பாதி வழியில், 40 பார் அழுத்தத்தில், டர்பைனிலிருந்து வெளியே எடுத்து, பாய்லருக்குத் திரும்ப அனுப்பி, மறுபடி 540-க்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். இதற்குக் கூடுதலாக 501 கிலோஜூல் வெப்பம் செலவு. வேலை 1353-லிருந்து 1626 ஆகிறது. ஈரம் 22-லிருந்து 13-க்கு இறங்குகிறது. நிஜ டர்பைனில் உராய்வின் சூட்டால் இன்னும் குறையும். சராசரி வெப்பநிலை 278-லிருந்து 294 ஆகிறது. செயல்திறன் 43.7 சதவீதம்.

ஊட்டுநீர் சூடாக்கல்தான் எனக்குப் பிடித்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அது முட்டாள்தனம். வேலை செய்துகொண்டிருக்கும் ஆவியை டர்பைனின் நடுவிலிருந்து திருடி, பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள். திருடிய ஆவி மிச்ச வேலையைச் செய்யாது. இதில் லாபம் எங்கிருந்து வரும்? எண்ணிப் பார்ப்போம். மறுசூடாக்கிய ஆவி 5 பாருக்கு இறங்கியிருக்கும் இடத்தில் ஒரு கிலோவை உருவுகிறோம். அதைப் போகவிட்டிருந்தால் இன்னும் 645 கிலோஜூல் வேலை செய்திருக்கும். பிறகு 2091-ஐக் கடலில் கொடுத்திருக்கும். உருவிவிட்டதால் அந்த 645 போயிற்று. ஆனால் அது ஹீட்டரில் தண்ணீராகும்போது 2288 கிலோஜூலை ஊட்டுநீருக்குக் கொடுக்கிறது. ஒரு துளியும் கடலுக்குப் போகவில்லை. பாய்லர் கொடுக்க வேண்டிய 2288 மிச்சமாகிறது. அந்த 2288-ஐ வேறு தண்ணீருக்குக் கொடுத்து, 43.7 சதவீதத்தில் முழுச் சுற்று ஓட்டினால் 1000 கிலோஜூல் வேலை கிடைக்கும். 645 போய் 1000 வருகிறது.

பெரிய ஆலைகளில் இப்படி ஆறேழு இடங்களில் ஆவியை உருவி, தண்ணீரை 46-லிருந்து 240 டிகிரி வரை ஏற்றிய பிறகே பாய்லருக்குள் விடுகிறார்கள். வரிசையின் நடுவில் டீயரேட்டர் என்ற தொட்டி ஒன்று நிற்கும். அது தண்ணீரைச் சூடாக்குவதோடு, கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் பிரித்து விரட்டும். இல்லாவிட்டால் பாய்லர் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஹீட்டர்கள் எல்லாம் ஓடும்போது வெப்பம் உள்ளே வரும் சராசரி 350 டிகிரியைத் தாண்டுகிறது. கற்பனை ஆலையின் செயல்திறன் 50-ஐ நெருங்குகிறது. முதல் தவணை என்ற குற்றவாளி அடங்கிப்போகிறான்.

இன்னொரு வழி அழுத்தத்தையே கூட்டுவது. 221 பாருக்கு மேல் போனால் தண்ணீருக்கும் ஆவிக்கும் நடுவே எல்லையே கிடையாது. கொதிப்பது என்ற நிகழ்ச்சி இல்லாமல் தண்ணீர் மெல்ல மெல்ல ஆவித்தன்மை அடைகிறது. அங்கே பிரிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் டிரம்மும் இல்லை. 2024-இல் தொடங்கிவைக்கப்பட்ட வடசென்னையின் 800 மெகாவாட் அலகு இந்த வகை. நேர்மாறான கோடி கூடங்குளம். அங்கே அணு உலையின் கட்டுப்பாடுகளால் ஆவி 280 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதனால் செயல்திறனும் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. எரிப்பது நிலக்கரியோ யுரேனியமோ, டர்பைன் கேட்பது ஆவியின் வெப்பநிலையை மட்டும்தான்.

இனி நிஜ உலகம் தன் பங்கைக் கேட்கட்டும். 50 என்று கண்ட இடத்தில், டர்பைனின் உராய்வும் கசிவும் போக 44 சதவீதம் மிஞ்சும். பாய்லரிலிருந்து புகைபோக்கி வழியே போகும் சூடு, நிலக்கரியின் ஈரம், எரியாமல் சாம்பலோடு போகும் கரித்துண்டு எல்லாம் சேர்ந்து 14 சதவீதத்தை எடுத்துக்கொள்ள, 44 என்பது 38 ஆகும். ஆலைக்குள்ளேயே ஊட்டுநீர்ப் பம்பு, பெரிய விசிறிகள், நிலக்கரி அரைக்கும் மில், கடல்நீர்ப் பம்பு எல்லாம் சேர்ந்து உற்பத்தியில் 8, 9 சதவீதத்தைத் தின்றுவிடும். கடைசியில் கம்பியில் ஏறுவது நிலக்கரியில் இருந்த வெப்பத்தில் 35 சதவீதம். நம் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் ஓட, எங்கோ முக்கால் கிலோவை ஒட்டி இந்திய நிலக்கரி எரிந்திருக்கிறது.

இந்த 35-ஐக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அன்றாட வேலை. அதில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் எண்களில் ஒன்று கண்டென்சர் வேக்குவம். அது ஏன் இறங்கியது என்று கண்டுபிடிப்பது ஒரு துப்பறியும் வேலை. அதற்கு மூன்று வெப்பநிலைகள் போதும்: உள்ளே வரும் கடல்நீர், வெளியே போகும் கடல்நீர், ஆவி தண்ணீராகும் வெப்பநிலை. ஒழுங்காக ஓடும் நாளில் கடல்நீர் 30-இல் வந்து 39-இல் போகும். அதற்கு 6 டிகிரி மேலே, 45-இல், ஆவி தண்ணீராகும். 45 டிகிரிக்கு உரிய அழுத்தம் 0.096 பார். இப்போது அழுத்தமானி 0.123 காட்டுகிறது, அதற்கு உரிய வெப்பநிலை 50 டிகிரி. ஐந்து டிகிரி ஏறியிருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கீழ் வெப்பநிலை ஐந்து டிகிரி ஏறினால், அதே நிலக்கரிக்கு 210 மெகாவாட் அலகில் மூன்று நான்கு மெகாவாட் காணாமல் போகும்.

அந்த ஐந்து டிகிரி எங்கே ஏறியது? கடல்நீரே 35-இல் வந்து, மற்ற இடைவெளிகள் மாறாமல் இருந்தால், அது கோடைக்காலத்தின் வேலை. யாரும் எதுவும் செய்ய முடியாது. 30-இல் வந்து 44-இல் போனால், 9 டிகிரியாக இருந்த ஏற்றம் 14 ஆகியிருக்கிறது. அதாவது தண்ணீர் குறைவாக வருகிறது: ஒரு பம்ப் நின்றிருக்கலாம், வாசலில் உள்ள வலைத்தட்டி அடைத்திருக்கலாம். கடலோர ஆலைகளில் ஜெல்லி மீன் கூட்டம் கூட்டமாக வந்து வலையை அடைத்துவிடும்; கல்பாக்கம் அணுமின் நிலையம் இந்தத் தொல்லையைப் பலமுறை பார்த்திருக்கிறது. 30-இல் வந்து 39-இல்தான் போகிறது, ஆனால் மேலே 6 டிகிரியாக இருந்த இடைவெளி 11 ஆகியிருக்கிறது என்றால், வெப்பம் குழாய்ச் சுவரைத் தாண்டச் சிரமப்படுகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். குழாயின் உட்புறத்தில் பாசியும் வண்டலும் படிந்திருக்கலாம். அல்லது வெளிப்புறத்தில், ஆவி இருக்கும் பக்கத்தில், காற்று புகுந்து குழாய்களைப் போர்த்தியிருக்கலாம். வெற்றிடம் என்பதால் எந்தச் சிறு இடுக்கு வழியாகவும் காற்று உள்ளே வரப் பார்க்கும்.

இந்த இரண்டையும் பிரித்தறியக் காற்றை வெளியேற்றும் வால்வைச் சில நிமிடங்கள் மூடிவைத்து, வேக்குவம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சரசரவென்று இறங்கினால் காற்றுக் கசிவு. அப்போது டர்பைனின் முனை அடைப்பு, வால்வுகளின் பொதிவு, விரிவு இணைப்பு என்று ஒவ்வோர் இடமாகத் தேட வேண்டும். ஹீலியத்தை ஒவ்வோர் இணைப்பின் மேலும் லேசாக ஊதி, வெளியேறும் காற்றில் ஹீலியம் தென்படுகிறதா என்று பார்ப்பது இப்போதைய வழக்கம். வேக்குவம் மெதுவாகவே இறங்கினால் சந்தேகம் அழுக்கின் மேல் திரும்பும். குழாயைவிடச் சற்றே பருமனான ஸ்பாஞ்ச் பந்துகளைக் கடல்நீரோடு உள்ளே அனுப்பி, அவை நெருக்கிப் புகுந்து துடைத்துக்கொண்டு மறுபுறம் வர, வலையில் பிடித்து மறுபடி அனுப்புவது ஆலையை நிறுத்தாமல் சுத்தம் செய்யும் வழி.

கண்டென்சரில் ஆலைக்காரர்கள் எல்லாவற்றையும்விட அதிகம் பயப்படுவது வேக்குவம் இறங்குவதற்கு அல்ல, குழாய் ஓட்டைக்கு. குழாய்க்குள் கடல்நீர், வெளியே வெற்றிடம். ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் உப்புத் தண்ணீர் ஹாட்வெல்லுக்குள் உறிஞ்சப்படும். வேக்குவம் மாறாது, வெப்பநிலைகள் மாறாது. ஹாட்வெல் தண்ணீரின் மின்கடத்துத்திறனை அளக்கும் மீட்டர் மட்டும் ஏறத் தொடங்கும். பாய்லருக்குப் போகும் தண்ணீர் குடிநீரைவிடப் பல மடங்கு தூய்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் டிரம்மில் தங்கித் தங்கிச் சேரும். குளோரைடு குழாய்ச் சுவரை உள்ளிருந்து தின்னும்.

கண்டென்சர் இரண்டு பாதியாகப் பிரிக்கப்பட்டிருப்பது இந்த நாளுக்காகத்தான். சுமையைக் குறைத்து, ஒரு பாதியின் கடல்நீரை நிறுத்திப் பார்ப்பார்கள். மீட்டர் இறங்கினால் ஓட்டை அந்தப் பாதியில். ஆயிரக்கணக்கான குழாய்களில் எது என்று தேட, தண்ணீரை வடித்துவிட்டு முகத்தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவார்கள். ஓட்டைக் குழாய் இருக்கும் இடத்தில் தாள் உள்ளே குழிந்து இழுபடும். உடனடியாக நிறுத்த முடியாத நெருக்கடியில், கடல்நீர் வரும் வழியில் மரத்தூளைக் கொட்டும் பழைய கைமருந்தும் உண்டு. வெற்றிடம் ஓட்டையை நோக்கி மரத்தூளை இழுக்க, அது போய் அங்கேயே அடைத்துக்கொள்ளும். நாலைந்து நாள் தாங்கினால் பெரிய காரியம். பிறகு ஆலை நிற்கும்போது அந்தக் குழாயின் இரண்டு முனைகளிலும் ஆப்பு அடித்து மூடிவிடுவார்கள். மூடிய குழாய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூடக்கூட, அந்த 6 டிகிரி இடைவெளி 7 ஆகி 8 ஆகும். அப்போது குழாய்களை மொத்தமாக மாற்றும் நாளைக் குறிக்க வேண்டியதுதான்.